அறிமுக உரையின் கடைசி வரி: கைதட்டல் பேச்சாளருக்குப் போய்ச் சேர என்ன செய்வது?

நான் அறிமுகம் செய்து முடித்ததும் நல்ல கைதட்டல். ஆனால் பேச்சாளர் எழுந்து மைக்குக்கு வரும்போது அரங்கமே அமைதியாகிவிட்டது. எங்கே தவறினேன்?

உங்கள் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல் என்ன என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது "நன்றி, வணக்கம்" என்று இருக்கும். அந்த இரண்டு சொற்களைக் கேட்டால் பேச்சு முடிந்தது, இனிக் கைதட்ட வேண்டும் என்று தமிழ் அவைக்குப் பழகிப்போயிருக்கிறது. பேச்சு யாருடையதோ கைதட்டலும் அவருக்குத்தான். நீங்கள் நன்றி சொன்னீர்கள், உங்களுக்குத் தட்டினார்கள். பேச்சாளர் எழுந்தபோது அவர்களிடம் மிச்சம் எதுவும் இல்லை.

நானே இதைச் செய்திருக்கிறேன். மூத்த ஆசிரியை ஒருவரை அறிமுகம் செய்யச் சொன்னார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, நன்றாகவே பேசி, "இந்த வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன், வணக்கம்" என்று முடித்தேன். கைதட்டல் எழுந்தது. நான் என் இருக்கைக்குப் போய் உட்காரும் வரை நீடித்தது. அதற்குப் பிறகுதான் அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவர் நடந்து வந்த அத்தனை அடியும் மரப்பலகையில் தனித்தனியாகக் கேட்டது. மைக்கை அடைந்ததும் ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டு, "சரி, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்கும்படி வைத்தது நான்தான். அன்றிலிருந்து அறிமுக உரையில் நான் முதலில் எழுதுவது கடைசி வரியைத்தான்.

"பேச அழைக்கிறேன்" என்றுதானே எல்லாரும் முடிக்கிறார்கள்? அதில் என்ன குறை?

மரியாதையில் குறை ஒன்றும் இல்லை. குறை இருப்பது சொற்களின் வரிசையில்.

தமிழில் வினை கடைசியில் வரும். அதனால் இயல்பாகப் பேசினால் பெயர் வாக்கியத்தின் நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது. பேச்சாளர் ஒரு மருத்துவர், பெயர் மலர்விழி என்று மாதிரிக்கு வைத்துக்கொள்வோம். "மருத்துவர் மலர்விழி அவர்களை உரையாற்ற வருமாறு அன்போடு அழைக்கிறேன்." பெயருக்குப் பிறகு ஐந்து சொற்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டவுடன் சிலர் தட்டத் தொடங்குவார்கள், நீங்கள் இன்னும் பேசுவதைப் பார்த்துக் கையை நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் முடித்த பிறகு பாதிப்பேர் மறுபடி தட்டுவார்கள். ஒரே அலையாக எழ வேண்டியது இரண்டு துண்டாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அழைக்கிறேன், விடைபெறுகிறேன், நிறைவு செய்கிறேன், அமர்கிறேன் ஆகிய நான்கும் "நான்" என்பதைத் தன் வாலில் வைத்திருக்கும் சொற்கள். அவையோர் கடைசியாகக் கேட்கும் சொல் உங்களைப் பற்றியதாக இருந்தால், அவையின் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். கைதட்டல் கண் போகும் இடத்துக்குப் போகிறது.

பெயரில் ஒட்டும் "ஐ" உருபும் ஒரு இடைஞ்சல். "மலர்விழி" என்று வெறுமனே சொல்லும்போது வரும் கம்பீரம் "மலர்விழியை" என்பதில் வராது. பெயர் எழுவாயாக நிற்க வேண்டும், வேறு எதற்கும் செயப்படுபொருளாக அல்ல.

அப்படியானால் பெயரில் எப்படி முடிப்பது? தமிழில் செயற்கையாக இருக்காதா?

வினையை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டால் போதும். "வந்துட்டாரு பாரு அண்ணன்" என்று வீட்டில் சொல்கிறோம் அல்லவா, அதே அமைப்புதான். தமிழ் அதை நன்றாகவே தாங்கும். அதே மருத்துவரை எடுத்துக்கொண்டு ஒரு முழு முடிவை எழுதிப் பார்க்கலாம். அவர் உறக்கக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தருபவர், இன்று பேசப்போவது பிள்ளைகளின் தூக்கம் பற்றி.

முதல் வரைவு வழக்கமாக இப்படி இருக்கும்:

"இவ்வளவு சிறப்புகளுக்கும் உரியவரான மருத்துவர் மலர்விழி, எம்.டி., அவர்களை, 'பிள்ளைகள் ஏன் தூங்க மறுக்கிறார்கள்' என்ற தலைப்பில் உரையாற்ற அன்போடு அழைத்து, எனக்கு இந்த வாய்ப்பை அளித்தவர்களுக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்."

இதில் முதலில் நன்றியை வெட்டுங்கள். வாய்ப்பு தந்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும் என்றால் அறிமுகத்தின் முதல் வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அடுத்து, பட்டத்தையும் தலைப்பையும் பெயருக்கு முன்னால் கொண்டு வாருங்கள். கடைசியாக வினையைப் பெயருக்கு முன் வையுங்கள். இப்போது இப்படி வரும்:

"இரவு பதினோரு மணிக்கும் விழித்திருக்கும் பிள்ளையைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த பெற்றோர் பலர் இவரிடம் போயிருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னதை இன்று நம்மிடமும் சொல்லப் போகிறார். 'பிள்ளைகள் ஏன் தூங்க மறுக்கிறார்கள்?' பேச வருகிறார்... மருத்துவர் மலர்விழி!"

பெயருக்குப் பிறகு ஒரு அசைகூட இல்லை. இந்த முடிவில் "நான்" எங்குமே இல்லை என்பதையும் பாருங்கள். "பேச வருகிறார்" என்றதுமே அவை யார் என்று கேட்கத் தயாராகிவிடும், அடுத்த நொடியே பதில் வந்துவிடும். கைதட்டுவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

"அழைக்கிறேன்" என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்று அமைப்பாளர்கள் விரும்பினால் சண்டை வேண்டாம். "பேச அழைக்கிறேன்... மருத்துவர் மலர்விழி!" என்று அதையும் முன்னால் வைத்துவிடுங்கள்.

"அவர்கள்" என்று சேர்க்காமல் பெயரை மொட்டையாகச் சொன்னால் மரியாதைக் குறைவாகப் படாதா?

இந்தக் கவலை நியாயமானது. "மலர்விழி" என்று பெயரை மட்டும் சொன்னால் மொட்டைதான். ஆனால் "வருகிறார்" என்பதிலேயே மரியாதை இருக்கிறது, முன்னால் "மருத்துவர்" நிற்கிறது. முனைவர், பேராசிரியர், கவிஞர், ஐயா, அம்மா என்று எது பொருந்துமோ அதைப் பெயருக்கு முன் வைத்தால் பெரும்பாலான மேடைகளில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். முன்னால் வைக்கப் பட்டம் எதுவும் இல்லாதவர் என்றால் "நம் அன்புக்குரிய" போல ஒன்று போதும்.

மிகவும் மூத்தவர், அல்லது "அவர்கள்" இல்லாமல் பெயரே சொல்லாத அவை என்றால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அழுத்தம் பெயரில் இருக்கட்டும், "அவர்கள்" அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு போகட்டும். பெயரைச் சொல்லி மூச்சு வாங்கிவிட்டுத் தனியாக "அவர்கள்" என்று சொன்னால் கைதட்டல் அதன் மேல் விழுந்து மூடிவிடும்.

பெயரைக் கடைசி வரை மறைத்து வைக்க வேண்டுமா? அழைப்பிதழிலேயே பெயர் இருக்கிறதே.

மறைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரிந்த பெயரை ஐந்து நிமிடம் ஒளித்துவைத்து "அவர் யார் தெரியுமா?" என்று கேட்டால் அவைக்குச் சலிப்புத்தான் வரும். தொடக்கத்தில் ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். நடுவில் "இவர்", "மருத்துவர்" என்று போகட்டும். கடைசியில் முழுப் பெயர் மறுபடி வரும்போது அது புதிதாக ஒலிக்கும். நடுவில் ஏழெட்டு முறை பெயரைச் சொல்லிவிட்டால்தான் கடைசி முறை சப்பென்று ஆகிவிடும்.

கடைசி வரியை எந்தக் குரலில் சொல்வது?

தமிழ் வாக்கியத்தின் வால் தாழ்ந்து போவது நமக்குப் பழக்கம். வினை அங்கே இருந்தால் பரவாயில்லை, கேட்பவர் ஊகித்துக்கொள்வார். இப்போது வாலில் இருப்பது பெயர். அது தாழ்ந்தால் "மலர்..." வரை கேட்கும், "விழி" மைக்குக்குள்ளேயே தங்கிவிடும்.

இதற்கு ஒரே மருந்து மூச்சு. "பேச வருகிறார்" என்று சொல்லி ஒரு முழு மூச்சு இழுத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி சுமார் ஒரு நொடி. "வருகிறார்" என்பதில் குரல் இறங்கக் கூடாது, இன்னும் ஒரு சொல் பாக்கியிருக்கிறது என்று ஏறியே நிற்கட்டும். இறங்கிவிட்டால் வாக்கியம் முடிந்தது என்று நினைத்து அங்கேயே தட்டிவிடுவார்கள். பிறகு பெயரை முன்னால் சொன்னதைவிடக் கொஞ்சம் உரக்க, கொஞ்சம் மெதுவாக, கடைசி எழுத்து வரை சொல்லுங்கள். முன்னெழுத்து இருந்தால் அதைப் பெயரோடு ஒரே மூச்சில் சேர்த்துவிடுங்கள். கத்த வேண்டாம். தூரத்தில் நிற்கும் நண்பரைக் கூப்பிடும் குரல் போதும்.

பெயரைச் சரியாக உச்சரிப்பது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பேச்சாளரிடமே முன்கூட்டி ஒரு முறை கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிடும் என்ற பயம் இருந்தால் அட்டையில் பெயரைத் தனி வரியில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். மிக நன்றாகத் தெரிந்தவரின் பெயரே அந்த நொடியில் நழுவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெயரைச் சொன்ன பிறகு என்ன செய்வது? உடனே போய் உட்கார்ந்துவிடலாமா?

கூடாது. வாய் முடிந்த பிறகும் உடலுக்குக் கொஞ்சம் வேலை பாக்கியிருக்கிறது.

பெயரைச் சொல்லும்போது அவையைப் பார்த்துச் சொல்லுங்கள். பலர் பெயரின் முதல் எழுத்திலேயே பேச்சாளர் பக்கம் தலையைத் திருப்பிவிடுகிறார்கள், வாய் மைக்கைவிட்டு விலகிப் பெயர் பாதியில் தேய்கிறது. முழுப் பெயரும் வெளியே வந்த பிறகு திரும்புங்கள். உடம்போடு சேர்ந்து திரும்புங்கள், கை அவர் பக்கம் நீளட்டும். நீங்கள் பார்க்கும் இடத்தை அவையும் பார்க்கும்.

அடுத்து, முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கட்டும். அரை அடி பின்வாங்கிவிட்டுத் தட்டுங்கள், இல்லாவிட்டால் மைக் வழியாக வெடி வெடித்தது போலக் கேட்கும். நீங்கள் பேச்சாளரைப் பார்த்துத் தட்டும்போது கைதட்டல் யாருக்கு என்ற சந்தேகம் யாருக்கும் வராது. எதிரில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரித்தபடி சும்மா நின்றால், அது உங்களுக்கு வந்த பாராட்டை நீங்கள் வாங்கிக்கொள்வது போல ஆகிவிடும்.

பிறகு அங்கேயே நில்லுங்கள். பேச்சாளர் வந்து சேரும் வரை மைக்குக்குப் பின்னால் யாராவது இருக்க வேண்டும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சி மன்றங்களில் இதை முதலிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். அங்கே அறிமுகம் செய்பவர் கைதட்டலைத் தொடங்கிவைத்து, வருபவரின் கையைக் குலுக்கி இடத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் நகர்வார். கைகுலுக்கப் பிடிக்காவிட்டால் கைகூப்பினால் போதும். அது முடிந்ததும் அவர் எந்தப் பக்கமாக வந்தாரோ அதற்கு எதிர்ப்பக்கமாக விலகுங்கள். குறுக்கே போனால் இருவரும் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஒதுங்கிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் தாள்களை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கை அணைக்க வேண்டாம்.

பேச்சாளர் கடைசி வரிசையிலிருந்து நடந்து வர வேண்டும். கைதட்டல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

வரவேற்புக் கைதட்டல் தானாக ஏழெட்டு நொடிகளுக்கு மேல் நிற்பது அரிது. இருபது இருபத்தைந்து அடி எடுத்து வைத்து, படியும் ஏற வேண்டியிருந்தால் பதினைந்து நொடி ஆகிவிடும். மிச்ச நேரம் அவர் மௌனத்தில் நடக்கிறார்.

இதைச் சொல்லால் சரிசெய்ய முடியாது, இருக்கையால்தான் முடியும். நிகழ்ச்சி தொடங்கும் முன் அவருடைய இருக்கையிலிருந்து மைக் வரை நீங்களே ஒரு முறை நடந்து, மனதுக்குள் நொடிகளை எண்ணிப் பாருங்கள். எட்டுக்கு மேல் போனால் அவரை முன்வரிசை ஓரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அறிமுகத்தின் கடைசி அரை நிமிடத்தில் மேடை ஓரத்துக்கு வந்து நிற்கும்படி அவரிடமே பேசிவையுங்கள். "விழித்திருக்கும் பிள்ளை என்று நான் ஆரம்பித்ததும் எழுந்துவிடுங்கள், டாக்டர்" என்பது போல உரையில் ஒரு சொல்லை அடையாளமாகக் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி.

இரண்டுமே முடியாத இடத்தில், அவர் வந்து சேரும் வரை நீங்கள் தட்டுவதை நிறுத்தாதீர்கள். தட்டுபவர் ஒருவர் கண்ணில் படும் வரை மற்றவர்களும் தொடர்வார்கள்.

"பலத்த கரவொலி கொடுத்து வரவேற்போம்" என்று கேட்பது சரியா?

நான் கேட்பதில்லை. கேட்டு வாங்கினால் அது நீங்கள் வாங்கிக்கொடுத்ததாக ஆகிவிடுகிறது. நடைமுறையிலும் அது கெடுதல். "கரவொலி" என்ற சொல் காதில் விழுந்ததும் தட்டத் தொடங்கிவிடுவார்கள், அதற்குப் பின் வரும் பெயர் சத்தத்தில் மூழ்கும். பெயருக்குப் பின்னால் அதைச் சொன்னால் பழையபடி பெயர் வாக்கியத்தின் நடுவுக்குப் போய்விடும். பெயர் தெளிவாக விழுந்து, நீங்களும் தட்டினால், அவை தட்டாமல் இருந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை.

பெயரைச் சொல்லும் முன்பே தட்டிவிட்டார்கள். என்ன செய்வது?

சத்தத்தின் மேல் பெயரைச் சொல்லாதீர்கள். புன்னகையோடு காத்திருங்கள். கைதட்டல் இறங்கத் தொடங்கும்போது, "மருத்துவர் மலர்விழி!" என்று பெயரை மட்டும் சொல்லுங்கள். இறங்கிய அலை மறுபடி எழும். முழு வாக்கியத்தையும் திரும்பச் சொன்னால் எழாது.

கடைசி வரிக்கு முந்திய வரி மிக நன்றாக அமைந்து, அதற்கே தட்டிவிடுவதும் உண்டு. எழுதியவருக்கு அது மகிழ்ச்சிதான். ஆனாலும் அடுத்த முறை அந்த வரியை உரையின் நடுப்பகுதிக்கு நகர்த்திவிடுங்கள். அவையின் கை கடைசி வரிக்கு முன்னால் சும்மா இருக்க வேண்டும்.

"கைபேசியை அணையுங்கள்", "உணவு இடைவேளை ஒரு மணிக்கு" என்று அறிவிப்புகளையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். எப்போது சொல்வது?

அறிமுகத்தைத் தொடங்கும் முன்பே சொல்லி முடித்துவிடுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு "ஒரு நிமிஷம், ஒரு சிறிய அறிவிப்பு" என்று பேச்சாளரைப் பாதி வழியில் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அவர் நடுமேடையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பரிசு, பூங்கொத்து எதுவானாலும் இதே விதிதான்: பெயருக்கும் அவருடைய முதல் சொல்லுக்கும் நடுவில் எதுவும் வரக் கூடாது.

ஜூம் கூட்டத்தில் கைதட்டலே கேட்பதில்லையே?

கேட்காது, எல்லாரும் மைக்கை அணைத்து வைத்திருப்பார்கள். ஆனால் பெயரில் முடிப்பது இங்கே இன்னும் அவசியம், ஏனென்றால் நீங்கள் கை நீட்டிக் காட்டவோ இடம் விட்டு விலகவோ வழியில்லை. பேச்சாளரைப் பெயருக்குச் சற்று முன்பே `Unmute` செய்துகொள்ளச் சொல்லிவையுங்கள். கூட்டத்தை நடத்துபவர் அவருடைய படத்துக்கு `Spotlight for Everyone` கொடுக்கட்டும். பெயரைச் சொன்னவுடன் உங்கள் மைக்கை நீங்களே அணைத்துவிடுங்கள். "டாக்டர், கேக்குதா? நீங்க பேசலாம்" என்று பின்னால் ஒட்டுவதுதான் இணையவழிக் கூட்டங்களின் "நன்றி, வணக்கம்". கேட்கிறதா என்ற சோதனை கூட்டம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒத்திகை எப்படிப் பார்ப்பது?

முழு அறிமுகத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும் தாளைப் பார்க்காமல் வர வேண்டும், ஏனென்றால் அப்போது கண் அவையின் மேல் இருக்க வேண்டும். கைபேசியில் அந்த இரண்டு வாக்கியத்தைப் பதிவு செய்து, எழுந்து போய் அறையின் மறுமூலையில் நின்று கேளுங்கள். பெயரின் கடைசி எழுத்து கேட்கிறதா, அதற்குப் பிறகு "ம்", "அவ்வளவுதான்", "நன்றி" என்று ஏதாவது தானாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு "நன்றி" நழுவி வருவது நிற்கவே பல மேடைகள் ஆயின. பெயரைச் சொன்னவுடன் உதட்டை மூடிக்கொள்வதையும் சேர்த்துப் பயிற்சி செய்த பிறகுதான் நின்றது.

பேச்சாளர் தன் உரையின் தொடக்கத்தில் என் அறிமுகத்தைப் பாராட்டினார். எழுந்து நன்றி சொல்ல வேண்டுமா?

இருந்த இடத்திலிருந்தே தலையசைத்துக் கைகூப்பினால் போதும். எழுந்தால் கண்கள் மறுபடி உங்களிடம் வந்துவிடும்.

நினைவஞ்சலிக் கூட்டத்தில் கைதட்ட மாட்டார்களே. அங்கேயும் இப்படித்தான் முடிப்பதா?

அங்கேயும் பெயர்தான் கடைசி. குரல் மட்டும் மாறும். ஏற்ற வேண்டாம், "வருகிறார்" என்பதற்குப் பின் விடும் மூச்சைக் கொஞ்சம் நீட்டி, பெயரை மெல்லச் சொல்லுங்கள். "அவருடன் முப்பது ஆண்டுகள் ஒரே அறையில் பணியாற்றியவர் பேச வருகிறார்... மருத்துவர் மலர்விழி." கை தட்டுவதற்குப் பதில் அவர் பக்கம் திரும்பித் தலை தாழ்த்துங்கள். அவர் எழுந்து வரும் வரை அங்கேயே நின்றிருங்கள், மைக் உயரம் அவருக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு சத்தமில்லாமல் விலகிவிடுங்கள்.